வீட்டை விற்கிறீர்களா? காப்பீட்டுப் பாலிசியில் இந்தத் தவறுகள் வேண்டாம்

வீடு விற்கப் போகிறவர்கள் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது என்று எல்லாவற்றையும் தேடி எடுத்து அடுக்கிவிடுவார்கள். வீட்டின் பேரில் ஓடிக்கொண்டிருக்கும் காப்பீட்டுப் பாலிசி மட்டும் பலருக்கு நினைவுக்கே வராது. கடன் வாங்கிய நாளில் வங்கியே பத்து வருடத்துக்குச் சேர்த்து எடுத்துக் கொடுத்த பாலிசி என்றால் கேட்கவே வேண்டாம், அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

தெரிந்தவர்களும் ஒரு தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள்: வீடு கைமாறினால் பாலிசியும் தானாகக் கைமாறிவிடும் என்று. இது வண்டி விற்ற பழக்கத்தில் வருவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவு, வண்டியை வாங்கியவர் பெயருக்கே காப்பீடும் மாறிவிட்டதாகக் கருதச் சொல்கிறது. வீட்டுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. சொத்து சேதமானால் யாருக்கு நஷ்டமோ அவருக்குத்தான் காப்பீடு செல்லும். கிரயப் பத்திரம் பதிவான பிறகு விற்றவருக்கு அந்த வீட்டில் நஷ்டப்பட ஒன்றுமில்லை, அதனால் அவர் பெயரில் உள்ள பாலிசியில் அவர் இழப்பீடு கேட்க முடியாது. வாங்கியவரோ பாலிசியில் இல்லவே இல்லை. மறுவாரமே மழைவெள்ளம் தரைத்தளத்துக்குள் புகுந்தால், பிரீமியம் கட்டிய பாலிசி ஒன்று இருந்தும் இருவருக்குமே பணம் வராது.

பாலிசியை மாற்றித்தர வழி இருக்கிறது, ஆனால் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். விற்பவர் கடிதம், கிரயப் பத்திர நகல், வாங்குபவரின் அடையாளச் சான்றுகள் ஆகியவற்றைக் கொடுத்தால் பெயர் மாற்றத்தைப் பாலிசியோடு சேர்த்துப் பதிவு செய்யும் இணைப்பான எண்டார்ஸ்மெண்ட் போட்டுத் தருவார்கள். அது கைக்கு வராத வரை மாற்றம் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஏஜென்ட் போனில் "சொல்லியாச்சு சார், பார்த்துக்கலாம்" என்றால் அது போதாது. சம்மதம் சேதத்துக்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும், சேதத்துக்குப் பிறகு வாங்கும் எண்டார்ஸ்மெண்டால் பயனில்லை.

என்னைக் கேட்டால், பெரும்பாலும் மாற்றுவதைவிட ரத்து செய்வதே நல்லது. வாங்குபவர் தன் பெயரில், பத்திரம் முடியும் நாளிலிருந்தே தொடங்கும்படி புதுப் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை வைத்திருக்கின்றன, எடுப்பது சிரமமில்லை. அவருடைய கடன் வங்கியின் பெயரும் அதில் முதலிலேயே சரியாக ஏறிவிடும். விற்றவருக்கு மீதிப் பிரீமியம் திரும்பி வரும்.

எப்போது ரத்து செய்வது? இங்கேதான் அவசரமும் கெடுக்கிறது, அசட்டையும் கெடுக்கிறது. அட்வான்ஸ் வாங்கி அக்ரிமெண்ட் போட்டதுமே சிலர் ரத்துக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் வாங்குபவருக்கு வீட்டில் எந்த உரிமையும் தராது. பதிவு முடியும் வரை வீடு விற்பவருடையதே, அந்த இரண்டு மூன்று மாதத்தில் மின்கசிவில் தீப்பிடித்தாலும் நஷ்டம் அவருக்குத்தான். ஆகவே பதிவு நாள் வரை பாலிசி உயிரோடு இருக்கட்டும். பதிவு முடிந்ததும் அன்றைக்கோ மறுநாளோ ரத்துக்கு எழுதிவிடுங்கள். பொதுவாக, கடிதம் நிறுவனத்துக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் ரத்து கணக்கிடப்படும், தாமதிக்கிற ஒவ்வொரு வாரமும் உங்கள் பணம்.

கடிதத்தில் சுற்றி வளைக்க வேண்டாம்: "பாலிசி எண் இன்னது. இந்த வீட்டை இந்தத் தேதியில் கிரயம் செய்து கொடுத்துவிட்டேன், பத்திர நகல் இணைத்துள்ளேன். பாலிசியை ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பிரீமியத்தைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும். எந்தக் கணக்குப்படி தொகை வந்தது என்பதையும் தெரிவிக்கவும்." கூடவே ரத்தான காசோலை ஒன்று. மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்கு அதுவே சாட்சி.

திரும்பி வரும் தொகையைப் பற்றி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது. தனிநபர் பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடப் பாலிசி என்றால், அந்தக் காலத்தில் க்ளெய்ம் எதுவும் இல்லாதபோது, மீதி நாட்களுக்கு விகிதப்படி பணம் வரும். பல வருடப் பாலிசி என்றால் இன்னும் தொடங்காத வருடங்களின் பிரீமியம் வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2021 ஜூன் 1இல் தொடங்கிய பத்து வருடப் பாலிசி. பிரீமியம் 20,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் 3,600, ஆக 23,600. வீடு 2025 செப்டம்பரில் விற்கப்படுகிறது. அப்போது ஓடிக்கொண்டிருப்பது ஐந்தாவது வருடம். 2026 ஜூன் முதல் 2031 மே வரையுள்ள ஐந்து வருடங்கள் தொடங்கவே இல்லை. அவற்றுக்கான பிரீமியம் 10,000 ரூபாய், குறைந்தது இது வர வேண்டும். ஓடுகிற வருடத்தின் மீதி மாதங்களுக்கும் ஏதாவது உண்டா என்பதைப் பாலிசியின் ரத்து விதியில் பார்க்கலாம். வருடம் புரளும் தேதிக்குப் பக்கத்தில் பதிவு வந்தால் இது முக்கியம்: மே 28இல் பதிவு முடித்துவிட்டு ஜூன் முதல் வாரத்தில் சாவகாசமாகக் கடிதம் எழுதினால் ஒரு முழு வருடப் பிரீமியம் போய்விடக்கூடும்.

பதிவுக்கு முன்பே வீட்டுக்குச் சேதம் நடந்திருந்தால், ரத்துக் கடிதத்துக்கு முன் க்ளெய்மைத் தெரிவித்துவிடுங்கள். சேதம் நடந்த அன்று உரிமையாளராக இருந்தவர் நீங்கள். பெரிய சேதத்தை விட்டுக்கொடுத்து சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்தைத் திரும்ப வாங்குவதில் லாபமில்லை.

வங்கிப் பெயர் பாலிசியில் இருந்தால் கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்று இல்லாமல் நிறுவனம் ரத்து செய்யத் தயங்கும், பணத்தைக் கடன் கணக்குக்கே அனுப்பினாலும் அனுப்பும். கடனை அடைத்து அசல் பத்திரங்களை வாங்கும் அன்றே அந்தச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அதே மேசையில் இன்னொன்றும் கேளுங்கள்: கடனோடு சேர்த்து எடுத்தது வீட்டுக் காப்பீடா, கடன் வாங்கியவரின் உயிர்க் காப்பீடா, இரண்டுமா? உயிர்க் காப்பீடு வீட்டோடு சேர்ந்ததல்ல. அதற்குத் தனியாக சரண்டர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் பெரிய தொகை கட்டியிருப்பது அதில்தான்.

கடைசியாக ஜிஎஸ்டி. மேலே சொன்ன 10,000 ரூபாய்க்கு உரிய வரி 1,800 ரூபாய். இதை நிறுவனம் தன் கணக்கில் கழித்துத் திருப்பித் தர ஒரு கெடு இருக்கிறது, பாலிசி எடுத்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30. 2021இல் கட்டியதற்கு அந்தக் கெடு 2022 நவம்பரிலேயே போய்விட்டது. "வரி வராது" என்று நிறுவனம் சொன்னதும் பலர் விட்டுவிடுகிறார்கள். நீண்டகாலக் காப்பீட்டுப் பாலிசி ரத்தானவர்களுக்காகவே 2022 டிசம்பர் 27இல் 188ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை வந்திருக்கிறது. பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் தற்காலிகப் பதிவு எடுத்து, RFD-01 படிவத்தில் 'Refund for unregistered person' என்ற பிரிவில் விண்ணப்பிக்கலாம். பாலிசி ரத்தானது என்று நிறுவனம் தரும் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு வருடம் அவகாசம், தொகை 1,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. வரியை அரசுக்குக் கட்டிவிட்டோம், அதைத் திரும்பக் கழித்துக்கொள்ளவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் தரும் சான்றும் இணைக்க வேண்டும். நிறுவனத்திடம் அந்தக் கடிதத்தைக் கேட்கும்போதே இந்தச் சான்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் பிறகு அலைய வேண்டியிருக்காது.