பாதம் தரையில் ‘டப்’ என்று அறைகிறதா? கணைக்கால் முன்தசையைக் கண்டுபிடித்துப் பழக்கும் முறை

வெறுங்காலுடன் வீட்டுக்குள் நடக்கும்போது என் இடது பாதம் மட்டும் சத்தம் போடும். குதிகால் பட்டதும் பாதத்தின் முன்பகுதி ‘டப்’ என்று தரையில் விழும். வலது காலில் அந்தச் சத்தம் இல்லை. நீண்ட இறக்கத்தில் இறங்கி வந்த நாட்களில் இடது கணைக்காலின் முன்பக்கம் கல் போல் இறுகிவிடும். கெண்டைக்கால் பலவீனமாக இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, நுனிக்காலில் எழும்பி எழும்பி இரண்டு மாதங்களை வீணாக்கினேன். கோளாறு கணைக்காலின் முன்பக்கத்தில் இருந்தது.

அந்தத் தசையின் பெயர் டிபியாலிஸ் ஆன்டீரியர். இங்கே ‘முன்தசை’ என்றே சொல்கிறேன்.

படி 1: தசையைக் கையால் தொட்டுப் பாருங்கள்

நாற்காலியில் உட்காருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்புறம் கூர்மையாகத் தட்டுப்படும் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளிப்பக்கம், அதாவது சுண்டுவிரல் இருக்கும் பக்கம், தள்ளி விரலை வையுங்கள். குதிகாலைத் தரையிலேயே ஊன்றியபடி பாதத்தின் முன்பகுதியை மட்டும் தூக்குங்கள். விரலுக்கு அடியில் புடைத்துக்கொண்டு வருவதுதான் முன்தசை.

அது அங்கேயே முடிந்துவிடுவதில்லை. கீழே போகப்போக ஒரு தடித்த கயிறாக மாறி, கணுக்காலின் முன்பக்கத்தை உட்பக்கமாகக் கடந்து, பாதத்தின் உள்விளிம்பில் கட்டைவிரலுக்குப் பின்னால் இருக்கும் எலும்புகளில் போய்ச் சேர்கிறது. அந்தக் கயிறுதான் தசைநாண். பாதத்தைத் தூக்கும்போது கணுக்காலின் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், கண்ணாலேயே பார்க்கலாம். உள்விளிம்பில் கட்டப்பட்டிருப்பதால், இந்தத் தசை மட்டும் இழுத்தால் பாதம் மேலே எழும்புவதோடு உள்ளங்காலும் சற்று உட்பக்கமாகத் திரும்பும்.

படி 2: இரண்டு வேலைகளையும் பிரித்துப் பாருங்கள்

நடக்கும்போது இந்தத் தசைக்கு இரண்டு வேலைகள். பின்காலைத் தரையிலிருந்து எடுத்து முன்னால் வீசும்போது, விரல்கள் தரையில் தட்டாதபடி பாதத்தைத் தூக்கிப் பிடிப்பது ஒன்று. வீச்சின் நடுவில் விரலுக்கும் தரைக்கும் இடையில் கிடைப்பது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான். இந்தத் தசை சற்றே தாமதித்தாலும் விரல் தட்டிவிடும். விரிப்பின் ஓரத்தில் அடிக்கடி கால் இடறுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வேலைதான் எனக்குப் புரியவே இல்லை. குதிகால் தரையைத் தொடும் இடம் கணுக்கால் மூட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. மேலிருந்து உடல் எடை இறங்க, தரை குதிகாலை மேலே தள்ள, பாதம் ஏற்றப்பலகை போல முன்பக்கமாகக் கவிழப் பார்க்கிறது. அதைக் கவிழவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறக்கி வைப்பது முன்தசை. கிணற்றில் வாளியை இறக்குகிறவர் கயிற்றை இறுகப் பிடித்தபடியே விட்டுக்கொடுப்பார் அல்லவா, அதே வேலை. தசை இழுத்துக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் நீண்டுகொண்டே போகிறது. கயிற்றைச் சட்டென்று விட்டால் வாளி ‘தொப்’பென்று விழும். என் இடது பாதம் விழுந்தது அப்படித்தான்.

இரண்டில் எது கனமான வேலை? தூக்குவதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். 70 கிலோ எடையுள்ளவரின் பாதம் ஏறத்தாழ ஒரு கிலோ. வீசும்போது தூக்க வேண்டியது அவ்வளவுதான். இறக்கும்போதோ உடல் எடை காலின் மீது வந்து ஏறும் நேரத்தில் பிரேக் பிடிக்க வேண்டும். எனவே தசை லேசாகப் பலவீனமானால் முதலில் வெளிப்படுவது சத்தம். விரல் தரையில் உரசுவது பலவீனம் இன்னும் முற்றிய பிறகு.

படி 3: படம் பிடித்து எண்ணுங்கள்

காதை நம்பாதீர்கள், தரைக்குத் தரை சத்தம் மாறும். கைபேசியைத் தரையோடு தரையாக, நடக்கும் பாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். மெது இயக்கத்தில், நொடிக்கு 240 படம் என்ற அளவில் பிடியுங்கள். சாதாரண 30 படக் காணொளி இதற்குப் பயன்படாது. குதிகால் பட்டதிலிருந்து பாதம் முழுதாகப் படியும் வரை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. 30 படத்தில் அது இரண்டு மூன்று படங்களுக்குள் முடிந்துவிடும்.

ஒவ்வொரு படமாக நகர்த்தி, குதிகால் பட்ட படத்திலிருந்து முன்பாதம் தொட்ட படம் வரை எண்ணுங்கள். எனக்கு வலது காலில் 21 படங்கள், இடது காலில் 12. அதாவது வலது பாதம் நொடியில் ஏறத்தாழ 0.09 பங்கு நேரம் எடுத்து இறங்குகிறது, இடது பாதம் 0.05 பங்கில் விழுந்துவிடுகிறது. ஒரே ஓர் அடியை வைத்து முடிவு கட்டாமல், வழக்கமான வேகத்தில் நடந்து ஐந்து அடிகளின் சராசரியை எடுங்கள். வேகம் கூடினால் எண்ணிக்கையும் மாறும். இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். இடதையும் வலதையும் ஒப்பிட்டால் போதும்.

படி 4: குதிகாலில் நடந்து பாருங்கள்

பயிற்சிக்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சுவரருகே நின்று, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு குதிகாலில் மட்டும் பத்து அடி நடங்கள். களைப்பாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் ஒரு பாதம் எழும்பவே மறுத்தாலோ, பாதத்தின் மேற்புறமோ கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலோ மரத்திருந்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது தசையின் சோர்வாக இருக்காது. நரம்பின் கோளாறாக இருக்கலாம். இந்தத் தசைக்கு வரும் நரம்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. நெடுநேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால்கூட அங்கே அழுந்தும். இடுப்பு முதுகில் நரம்பு வேர் அழுந்தினாலும் இதே அறிகுறி வரலாம்.

படி 5: சுவரில் சாய்ந்து இறக்குங்கள்

சுவரில் முதுகையும் இடுப்பையும் சாய்த்து நில்லுங்கள். குதிகால்கள் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். முழங்காலை மடக்காமல் இரு பாதங்களின் முன்பகுதியையும் தூக்குங்கள். பிறகு மூன்று எண்ணும் வரை இறக்குங்கள். பத்து முறை செய்து ஓய்வெடுத்து, மீண்டும் பத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். எளிதாகிவிட்டால் குதிகால்களை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள், பாரம் கூடும்.

நான் சறுக்கியது இங்கேதான். முதல் மூன்று வாரங்கள் தூக்குவதில் மட்டும் கவனம் வைத்தேன். மேலே போனதும் காலை அப்படியே விட்டுவிடுவேன், சுவரருகேயும் அதே ‘டப்’. இருபது முறை, முப்பது முறை என்று எண்ணிக்கை கூடியது. காணொளியில் இடது கால் அதே 12 படத்தில் நின்றது. பிரேக் பிடிக்கக் கற்க வேண்டிய தசைக்கு நான் தூக்க மட்டுமே கற்றுக்கொடுத்திருந்தேன். அதன்பின் ஒரு விதி வைத்தேன்: இறங்கும்போது சத்தம் கேட்டால் அந்த முறை கணக்கில் இல்லை. முதல் நாள் இடது காலால் ஆறு முறைக்கு மேல் சத்தமில்லாமல் இறக்க முடியவில்லை. கடைசி இரண்டு விரற்கடை தூரத்தில் பிடி நழுவும், அங்கேதான் பொறுமை வேண்டும்.

இன்னொரு திருட்டுத்தனமும் உண்டு. கால்விரல்களைத் தூக்கும் தசைகள் முன்தசைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கட்டைவிரலுக்கென்று தனியாக ஒன்று, மற்ற நான்குக்கும் ஒன்று. முன்தசை சோர்ந்தால் இவை முந்திக்கொள்ளும். விரல்கள் கூரையைப் பார்த்து விறைத்து நின்றால் அதுதான் நடக்கிறது என்று பொருள். விரல்களை உள்ளே லேசாக மடக்கிக்கொண்டு பாதத்தைத் தூக்குங்கள். சுமை சரியான இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கையும் பாதியாகக் குறைந்துவிடும்.

கருவிகளைப் பற்றி: ரப்பர் பட்டையை வாங்கினேன், பயன்படவில்லை. மேலே இழுபட்டிருக்கும்போது பட்டை இறுகுகிறது, பாதம் இறங்க இறங்கத் தளர்ந்துபோகிறது. பிடி வேண்டிய கடைசிப் பகுதியில் பாரமே இல்லை. சுவர் இலவசம், அதுவே நன்று. பயிற்சியை வெறுங்காலில் செய்யுங்கள். நடைக்கு, குதிப்பகுதி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான ஷூவை நான் ஒதுக்கிவிட்டேன். தரை படும் இடம் கணுக்காலிலிருந்து எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு அதிகமாகப் பாதம் கவிழப் பார்க்கும்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் கணைக்கால் வலிக்கும். நீண்டுகொண்டே இழுக்கும் வேலை தசைக்குப் புதிதாக இருக்கும்போது அப்படித்தான்.

எட்டாவது வாரம் இடது காலில் 18 படங்கள். வலதை இன்னும் எட்டவில்லை.

பின்சேர்க்கை 1: வலி எலும்பின் உட்பக்கத்தில் வருகிறது, இந்தப் பயிற்சி உதவுமா என்று சிலர் கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்கள். முன்தசை எலும்பின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. உள்விளிம்பு நெடுக வலித்தால் அது வேறு சிக்கல். ஒரே புள்ளியில் தொட்டாலே வலித்தால் எலும்பில் நுண்விரிசலும் இருக்கலாம். இதைச் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

பின்சேர்க்கை 2: ஓடும்போது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் கணைக்கால் வெடிப்பது போல் இறுகுகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்று ஒருவர் எழுதினார். முன்தசை நீளாத உறை ஒன்றுக்குள் அடைபட்டிருக்கிறது. உழைக்கும்போது தசை வீங்கும். சிலருக்கு உறைக்குள் அழுத்தம் அளவுக்கு மீறிப்போகும். அவருக்குப் பயிற்சியைக் கூட்டச் சொல்லவில்லை, மருத்துவரிடம் போகச் சொன்னேன். அடிபட்ட பிறகு இதே இறுக்கம் வந்து, ஓய்வெடுத்தும் தணியாமல் வலி ஏறிக்கொண்டே போனால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பின்சேர்க்கை 3: இறக்கத்தில் மட்டும் சத்தம் வருகிறது, சமதளத்தில் இல்லை என்று இரண்டு பேர். சரிவில் தரை முன்னால் தாழ்ந்து போவதால் பாதம் இறங்க வேண்டிய கோணம் கூடுகிறது, பிரேக்கும் அதிக நேரம் வேண்டியிருக்கிறது. காலடிகளைக் குறுக்கி வையுங்கள். குதிகால் உடலுக்கு அருகிலேயே விழும். படி 5-ஐ மூன்று எண்ணுக்குப் பதில் ஐந்து எண்ணும் வரை செய்யுங்கள்.