நிர்வாக உத்தரவை எந்தக் காரணத்தில் உடைப்பது? ஒரு பேக்கரி கணக்கை வைத்துப் பரீட்சை விடை எழுதும் முறை

நிர்வாகச் சட்டப் பரீட்சையில், உத்தரவை நீதிமன்றத்தில் உடைக்கும் காரணங்களாக இல்லீகாலிட்டி, இர்ரேஷனாலிட்டி, நடைமுறை அநீதி என்று மூன்று தலைப்பையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். மார்க் போவது, கேள்வியில் உள்ள எந்தச் சங்கதியை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்பதில்தான். பரீட்சைக்கென்று புனைந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார். கேள்வியில் கொடுத்த சட்டப்பிரிவுப்படி, உரிம நிபந்தனையை மீறினால் நகராட்சி ஆணையர் உரிமத்தை ரத்து செய்யலாம். ஒருநாள் சுகாதார ஆய்வாளர் கையெழுத்தில் ஓர் உத்தரவு வருகிறது: 'பொதுநலன் கருதி உரிமம் ரத்து.' முன்னறிவிப்பு இல்லை. கோப்பில் இருப்பது, தன் வியாபாரம் படுத்துவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த மனு மட்டும். ரிட் போட்ட பிறகு, 'சமையற்கட்டு அசுத்தமாக இருந்தது' என்று நகராட்சி எதிர்வாக்குமூலம் தாக்கல் செய்கிறது.

படி 1: பிரிவைப் பிரித்துப் போடுங்க

கைடு புத்தகத்தை மூடிவிட்டு, கேள்வியில் உள்ள பிரிவை மட்டும் பென்சிலால் மூன்றாகக் கோடு போடுங்க: யார், எப்போது, எதற்காக. அதிகாரம் ஆணையருடையது, கையெழுத்தோ ஆய்வாளருடையது. அதிகாரத்தை ஒப்படைத்ததாகக் கேள்வியில் வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுத வேண்டும். நிபந்தனை மீறல் என்ற சொல்லே உத்தரவில் இல்லை. போட்டிக் கடையின் வியாபாரம் இந்தப் பிரிவுக்குச் சம்பந்தமே இல்லாத காரணம். மூன்றும் இல்லீகாலிட்டிதான்.

படி 2: வெட்னஸ்பரியில் வழுக்காதீங்க

பாதிப் பேர் விழும் இடம் இது. சம்பந்தமில்லாத காரணத்தைக் கொண்டுபோய் 'வெட்னஸ்பரி, ஆகவே இர்ரேஷனாலிட்டி' என்று எழுதிவிடுவார்கள். குழப்பத்துக்குக் காரணம் வெட்னஸ்பரி என்ற அந்த இங்கிலாந்துத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1947ல் லார்ட் கிரீன், சம்பந்தமில்லாததைக் கணக்கில் எடுப்பதையும் அறிவுக்கொவ்வாத முடிவையும் ஒரே மூச்சில் பேசினார். 1984ல் பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூ பற்றிய வழக்கில் லார்ட் டிப்ளாக் மூன்று தலைப்பாகப் பிரித்தபோது, இர்ரேஷனாலிட்டிக்கு அவர் கொடுத்தது அந்த இரண்டாவது பங்கை மட்டும். காரணத்தில் உள்ள கோளாறு இல்லீகாலிட்டி. முடிவே எந்த விவரமுள்ள ஆளும் எடுக்க முடியாததாக இருந்தால்தான் இர்ரேஷனாலிட்டி.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இதே முடிவைச் சரியான அதிகாரி, சரியான காரணத்தோடு, விசாரித்து எடுத்திருந்தால் அப்போதும் அபத்தமா என்று கேளுங்க. சமையற்கட்டு நிஜமாகவே நாறியிருந்தால் ரத்து செய்வது அபத்தமில்லை. ஆகவே நம் கணக்கில் இந்தத் தலைப்பு பலவீனம். அதை அப்படியே இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகருங்க; இல்லாத பலத்தைக் காட்டி ஒரு பக்கம் நிரப்புவதைவிட அதுதான் மேல். ஒரே ஒரு கெட்டுப்போன பால் பாக்கெட்டுக்காக உரிமமே ரத்து என்று கேள்வி இருந்தால் கதை வேறு. அப்போது அரசியலமைப்பு தரும் தொழில் செய்யும் உரிமையான 19(1)(g)ஐயும், ஓம் குமார் வழக்கு சொன்ன விகிதாசாரக் கோட்பாட்டையும் கொண்டுவரலாம்.

இன்னொன்று. வெட்னஸ்பரியில் சினிமா கம்பெனி தோற்றது. ஜிசிஹெச்க்யூவில் தேசப் பாதுகாப்பு என்ற காரணத்தால் தொழிற்சங்கங்களும் தோற்றன. கோட்பாடு பிரபலம் என்பதால் 'மனுதாரர் வென்றார்' என்று எழுதிவிடாதீங்க.

படி 3: நடைமுறை

நம் கணக்கில் வலுவான இடம் இது. சட்டத்தில் முன்னறிவிப்பு பற்றி ஒன்றும் இல்லாவிட்டாலும், பிழைப்பைப் பறிக்கும் முடிவுக்கு முன் ஆளைக் கேட்டாக வேண்டும். மேனகா காந்தி, 1978. அதற்குச் சற்று முன், 1977 டிசம்பரில் வந்த மொகிந்தர் சிங் கில் தீர்ப்பு அடுத்த ஓட்டையை அடைக்கிறது: உத்தரவில் இல்லாத காரணத்தைப் பிறகு வாக்குமூலத்தில் சேர்க்க முடியாது. ஆக, 'சமையற்கட்டு அசுத்தம்' செல்லாது.

'கேட்டிருந்தாலும் முடிவு மாறாது' என்று நகராட்சி வாதிடும். இந்த எதிர்வாதத்தையும் நீங்களே எழுதிப் பதில் சொல்லுங்க. கேட்காமல் விட்டதால் பாதிப்பு ஏற்பட்டதா என்று நீதிமன்றங்கள் இப்போது பார்க்கின்றன. சமையற்கட்டின் நிலை தகராறுக்குரிய சங்கதி. போட்டோவோ சாட்சியோ காட்டி மறுத்திருக்கலாம். பாதிப்பு அங்கேதான்.

படி 4: நிவாரணம்

அரசியலமைப்பின் 226வது பிரிவின் கீழ் செர்ஷியோராரி கேட்டு உத்தரவை ரத்து செய்யச் சொல்லுங்க. பேக்கரிக்கு உரிமம் தகுமா என்று நீதிமன்றம் முடிவு செய்யாது. முறையான நோட்டீஸ் கொடுத்து, ஆணையரே விசாரித்து, மறுபடி ரத்து செய்ய வழி திறந்தே இருக்கும். இந்த வரியை விட்டால், மேல்முறையீட்டுக்கும் நீதித்துறை மறு ஆய்வுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று திருத்துபவர் எடுத்துக்கொள்வார்.

மன்றத்தின் பெயர் கேட்டால்: கோபி ஈரோடு மாவட்டம், ஆகவே மெட்ராஸ் உயர்நீதிமன்றத்தின் சென்னை அமர்வு. கோவை, திருப்பூருக்கும் அதுவே. கரூர் என்று கேள்வியில் வந்தால் மதுரைக் கிளை.