திகதியும் தொடர் எண்ணும்: விரிதாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில், தோட்ட அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞர்களுக்கு மாலை நேரத்தில் விரிதாள் கற்பித்து வருகிறேன். திகதி நிரலில் 43531 போன்ற எண் தோன்றினால் அவர்கள் பதறுகிறார்கள். கலத்தின் வடிவத்தை மாற்றி அதைத் திகதியாக்கியதும் வேலை முடிந்ததென்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் நானே ஒருமுறை ஒருவருடைய உரிமையைத் தவறாகக் கணக்கிட்டிருக்கிறேன்.

எக்செல் 1900 ஜனவரி 1 ஐ 1 எனக் கொண்டு நாட்களை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையில் 2019 மார்ச் 7 என்பது 43531 ஆகும். எக்செல் திகதியாக ஏற்றுக்கொண்ட கலத்தில் இருப்பது எண்தான். திகதி அதன் தோற்றம் மட்டுமே.

## நாளும் மாதமும் இடம் மாறுதல்

தொழிலாளர்கள் வேலையில் சேர்ந்த திகதிகளைக் கொண்ட பட்டியல் ஒன்று எனக்கு சிஎஸ்வி கோப்பாக வந்தது. அதில் திகதிகள் நம் வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருந்தன. என் கணினியின் திகதி அமைப்போ அமெரிக்க முறையில், மாதம் முதலாக இருந்தது. கோப்பை நேரடியாகத் திறந்தபோது எக்செல் 07/03/2019 என்பதை யூலை 3 எனப் படித்து 43649 என்ற எண்ணாகச் சேமித்தது. 18/03/2019 என்பதற்குப் பொருத்தமான 18 ஆம் மாதம் இல்லாததால், அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிட்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

எழுத்தாக நின்றவற்றை நான் கையால் திருத்தினேன். எண்ணாக மாறியவற்றைச் சரியென விட்டுவிட்டேன். பிழையானவை அவைதான். 2019 மார்ச் 7 இல் சேர்ந்து 2024 ஏப்ரல் 20 இல் விலகிய ஒரு பெண்ணின் சேவைக்காலம் உண்மையில் ஐந்து ஆண்டும் ஒரு மாதமும் சில நாட்களும் ஆகும். என் பட்டியலில் அது 118 நாட்கள் குறைந்து, ஐந்து ஆண்டை எட்டவில்லை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து ஆண்டு நிறைவைக் கேட்பதால், அவருடைய பெயருக்கு நேரே உரித்தில்லை என்று வந்தது.

பட்டியலைப் பார்த்த கணக்கப்பிள்ளை, "தம்பி, அந்தம்மா சிவராத்திரி கழிஞ்ச கையோட பேர் பதிஞ்சவங்க, ஆனி மாசத்தில இல்ல" என்றார். அந்த ஆண்டு சிவராத்திரி மார்ச் 4 இல் வந்தது. அவருடைய நினைவு இல்லாவிட்டால் அந்தப் பிழை அப்படியே கையொப்பத்துக்குப் போயிருக்கும்.

இதைக் கண்டறிய, எதையும் திருத்துவதற்கு முன் பக்கத்து நிரலில் `=DAY(A2)` என எழுதிக் கீழ்வரை இழுத்துப் பாருங்கள். நீண்ட பட்டியலில் 12 ஐத் தாண்டிய நாளே இல்லாமல், மற்றக் கலங்களில் `#VALUE!` மட்டும் வருமானால் நாளும் மாதமும் மாறிவிட்டன. மூலக் கோப்பு இருந்தால் அதிலிருந்து மீண்டும் தொடங்குவதே நல்லது. Text to Columns இன் மூன்றாம் படியில் Date என்பதைத் தெரிந்து DMY எனக் குறித்தால் எழுத்து சரியான எண்ணாகும்; ஆனால் அது இன்னும் எழுத்தாக இருக்கும் திகதிகளுக்கே உதவும். மூலக் கோப்பு கிடைக்காவிட்டால் பின்வரும் சூத்திரம் இரு வகைக் கலங்களையும் சீராக்கும்.

```
=IF(ISNUMBER(A2),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதப்பட்டிருந்தால்தான் இதன் கடைசி வரி சரியாக வேலை செய்யும். நிரல் முழுவதும் ஒரே முறையில் கெட்டிருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். இடையில் யாராவது சில திகதிகளைச் சரியாகத் தட்டச்சுச் செய்திருந்தால், நல்லவற்றையும் இது புரட்டிவிடும். ஆகவே செக்ரோல் புத்தகத்தோடு பத்து வரிகளையாவது ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பழைய நிரலை நீக்க வேண்டும்.

## வடிவத்தை மாற்றினால் எழுத்து எண்ணாகாது

கலத்தை `=ISNUMBER(A2)` கொண்டு சோதியுங்கள். FALSE என வந்தால் அது இன்னும் எழுத்துத்தான்.

## 1904 கணக்கு

பழைய மக் கணினிகளில் உருவான சில கோப்புகள் 1904 ஜனவரி 1 ஐப் பூச்சியமாகக் கொண்டு எண்ணுகின்றன. ஒட்டிய திகதிகள் எல்லாம் நான்கு ஆண்டும் ஒரு நாளும் விலகி நின்றால் இதுவே காரணம், வித்தியாசம் 1462.

## திகதியை எண்ணாக்கும்போது

07/03/2019 எனத் தட்டச்சுச் செய்து கணினியின் ஊகத்துக்கு விடாமல் `=DATE(2019,3,7)` என எழுதி, கலத்தை General ஆக மாற்றினால் 43531 கிடைக்கும். வேறொருவருக்கு அனுப்பும் கோப்பில் `=TEXT(A2,"yyyy-mm-dd")` கொண்டு 2019-03-07 என எழுதி அனுப்புங்கள். அதைத் திறக்கும் கணினி நாள் முதலான அமைப்பில் இருந்தாலும் மாதம் முதலான அமைப்பில் இருந்தாலும் மார்ச் 7 என்றே படிக்கும்.