புகைப்படத்துக்கும் பாணி ஓவியத்துக்கும் நடுவே: கலைக்கல்லூரி போர்ட்ஃபோலியோவில் நேரும் தவறுகள்

பக்கத்தின் இடது பாதியில் ரெஃபரன்ஸ் புகைப்படம், வலது பாதியில் முடிந்த ஓவியம், நடுவில் ஓர் அம்புக்குறி. கலைக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலர் இதைத்தான் ‘செயல்முறைப் பக்கம்’ என்று கொண்டுவருகிறார்கள். புகைப்படம் எப்படி இருந்தது, ஓவியம் எப்படி முடிந்தது என்ற இரண்டையும் தேர்வுக் குழு கண்ணாலேயே பார்த்துக்கொள்ளும். அந்த அம்புக்குறி இருக்கும் இடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். எதை விட்டீர்கள், எதைப் பெரிதாக்கினீர்கள், எந்த யோசனையை முயன்று பார்த்துக் கைவிட்டீர்கள், ஏன்?

ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு பேசினால் விளங்கும். தையல் இயந்திரத்தின் முன் குனிந்து வேலை செய்யும் ஒரு பெண்ணை ஒரு மாணவி வரைந்துகொண்டுவந்தாள். கைபேசியில் தானே எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது அது. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, கையெட்டும் தூரத்தில் எடுத்திருந்தாள். ஓவியத்தில் அந்தப் பெண்ணின் கைகள் பெரிதாக, தலை சிறிதாக இருந்தன. “கைகளை வேண்டுமென்றே பெரிதாக்கினேன், இது உழைப்பைப் பற்றிய படம்” என்றாள். யோசனை நல்லதுதான். ஆனால் புகைப்படத்திலும் கைகள் அதே அளவுக்குப் பெரிதாகத்தான் இருந்தன. அருகில் இருந்த நூற்கண்டும், மேசையின் முன் விளிம்பும்கூட அதே விகிதத்தில் பெருத்திருந்தன.

மிக அருகிலிருந்து எடுத்தால் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது ஊதிப்போகும், தள்ளி இருப்பது சுருங்கும். கைபேசிகளின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. லென்ஸுக்கு இணையான அகலக் கோணம் கொண்டது. சட்டத்தை நிரப்ப வேண்டும் என்று நாம் அருகே போவோம், உடனே இந்தச் சிதைவு வந்து உட்கார்ந்துவிடும். முகத்தை அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கிவிடுவதும் இதனால்தான். அதை அப்படியே நகலெடுத்துவிட்டு ‘மிகைப்படுத்தினேன்’ என்று எழுதினால், முடிவெடுத்தது வரைந்தவரா லென்ஸா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். மனித உருவத்தை வரைந்து பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும்.

பரிகாரம் எளிது. 2 மீட்டராவது தள்ளி நின்று எடுங்கள், பிறகு வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது, நேரில் பார்த்து வரைந்த ஒரு தாளாவது ரெஃபரன்ஸ் பக்கத்தில் இருப்பது. மாணவியை மறுபடி அனுப்பி, கைகளை மட்டும் நேரில் பார்த்து வரைந்துவரச் சொன்னேன். அந்தத் தாளில் புகைப்படம் மறைத்திருந்த இன்னொன்றும் வெளிவந்தது. அந்தப் பெண்ணின் உடை கருநிறம், இயந்திரமும் கறுப்பு. புகைப்படத்தில் முழங்கையும் இயந்திரமும் ஒட்டி ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டிருந்தன. மாணவி அங்கே தோராயமாக ஒரு கோடு போட்டு ஒப்பேற்றியிருந்தாள். நேரில் பார்த்தபோது இயந்திரத்தின் பளபளப்பிலிருந்து எதிரொளித்த மெல்லிய வெளிச்சம் முழங்கையின் அடிப்பக்கத்தில் தெரிந்தது. கறுப்புக்குள் ஒரு விளிம்பு கிடைத்தது. கேமரா ஆழ்ந்த நிழலையும் அதிக வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். அது விழுங்கிய இடங்களை ஊகித்து நிரப்புவதால்தான் பல ஓவியங்கள் நிழல் பகுதியில் தட்டையாகிப் போகின்றன.

அடுத்த தவறு சிறு முன்வரைவுகளில். எட்டுக் கட்டங்கள் வரைந்திருப்பார்கள், எட்டும் ஒரே படமாக இருக்கும். ஒன்றில் தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும், மற்றொன்றில் பின்னணி கொஞ்சம் கறுத்திருக்கும், அவ்வளவுதான். தேட வேண்டிய இடத்தில் தேடுவதுபோல் பாவனை செய்வதில் பயனில்லை. முன்வரைவு தீப்பெட்டி அளவுக்குள் இருக்கட்டும். கறுப்பு, இடைச் சாம்பல், வெள்ளை என்று மூன்று தொனிகள் போதும். அந்த அளவில் கண்ணும் விரலும் வரைய முடியாது என்பதால், கை தானாகவே பெரிய வடிவங்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று அடிப்படையில் மாறட்டும். ஒன்றில் பார்வை மேலிருந்து, ஒன்றில் மேசை மட்டத்திலிருந்து, ஒன்றில் முகமே சட்டத்துக்கு வெளியே.

மாணவி தேர்ந்தெடுத்த முன்வரைவில் அந்தப் பெண்ணின் முதுகு தாளின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை ஒரே வில்லாக வளைந்திருந்தது. முகம் ஏறக்குறைய மறைந்தே போனது. மாணவிக்கு முகத்தை விட்டுவிட மனமில்லை. ஏனென்றால் முதல் ஓவியத்தில் அவள் அதிகம் உழைத்தது முகத்தில்தான். பெரிய கண்கள், கூர்மையான தாடை, ஒரே கோட்டில் மூக்கு. சித்திரக்கதைகளில் பார்த்துப் பழகிய முகம் அது.

பாணிப்படுத்துவதில் மிகப் பரவலான தவறு இதுதான் என்று நினைக்கிறேன். முகம் ஒரு மொழியில் பேசும், உடம்பும் உடையும் பொருள்களும் புகைப்பட மொழியில் பேசும். கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. முகத்தை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடுங்கள். மிச்சமிருப்பதைப் பார்த்து இது உங்கள் பாணி என்று சொல்ல முடிகிறதா? புகைப்படத்தை டிரேஸ் எடுத்ததுபோல் தோன்றினால், பாணி படம் முழுவதும் பரவவில்லை, முகத்துக்கு மட்டும் பூசப்பட்டிருக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒரு விதியை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்வேன். ‘அழகாக்குவேன்’, ‘எளிமையாக்குவேன்’ என்பவை விதி ஆகா. எந்த வடிவத்துக்கு என்ன நேரும் என்று அது சொல்ல வேண்டும். மாணவி எழுதியது இது: உடம்பு முழுவதும் வளைவுகள் மட்டும், இயந்திரமும் மேசையும் நேர்கோடுகள் மட்டும். இதை எழுதியதும் கேள்விகள் தாமாக எழுந்தன. விரல் மூட்டுகளை என்ன செய்வது? அவற்றையும் வளைவாக்கினாள். இயந்திரத்தின் சக்கரம் வட்டமாயிற்றே? அதைப் பக்கவாட்டில் காட்டி, குறுகிய செவ்வகமாக மாற்றினாள். துணி இரண்டு பக்கத்துக்கும் சொந்தம் அல்லவா? தைக்கும் பெண்ணின் கைப்பக்கம் வளைவு மடிப்புகளாகத் தொடங்கிய துணி, ஊசியைத் தாண்டியதும் நேர்ப் பட்டைகளாக வெளியேறியது. பார்ப்பவரின் கண் இப்போது ஊசிமுனைக்குத்தான் போகிறது. புகைப்படத்தில் அந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைகள் இப்போதும் பெரிதாகத்தான் இருக்கின்றன, ஆனால் நூற்கண்டும் மேசை விளிம்பும் பெருத்திருக்கவில்லை. கைகளைப் பெரிதாக்கியது யார் என்ற சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

இந்தப் பாதையை ஒரே நேர்க்கோடாகக் காட்டுவதும் ஒரு தவறு. ஒவ்வொரு படியிலும் ஓவியம் கொஞ்சம் கொஞ்சமாக எளிமையாகி, தடங்கலின்றி முடிவுக்கு வந்துவிட்டது என்பதுபோல் பலர் அடுக்குகிறார்கள். பிக்காசோ 1945 டிசம்பரிலிருந்து 1946 ஜனவரி வரை பாரிஸில் செய்த காளை லித்தோகிராஃப் என்னும் கல்லச்சுப் பட வரிசையைப் பாருங்கள். மொத்தம் 11 நிலைகள். இயல்பான காளையில் தொடங்கி, சில கோடுகளே மிஞ்சும் காளையில் முடிகிறது. ஆனால் இரண்டாவது நிலையில் காளை எளிமையாகவில்லை. இன்னும் பருத்து, கறுத்து, கனத்திருக்கிறது. எடையைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் குறைக்கத் தொடங்குகிறார். மாணவியும் ஒரு கட்டத்தில் இயந்திரத்தைப் பெண்ணைவிடப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது சரிவரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போடவிருந்தாள், நான் தடுத்து, தொகுப்பில் சேர்க்கச் சொன்னேன்.

அப்படிப்பட்ட தாள்கள் இல்லாதவர்கள் செய்யும் காரியம்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ஓவியத்தை முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து ‘முன்வரைவுகள்’ தயாரிப்பார்கள். இதை மறைப்பது கடினம். பென்சில் கோடுகளில் தேடல் இருக்காது, முதல் கோடே சரியான கோடாக இருக்கும். சட்டத்தின் வெட்டு முடிந்த ஓவியத்தோடு இம்மி பிசகாமல் பொருந்தும். வண்ணச் சோதனைகளில் ஓவியத்தில் இருக்கும் நிறங்கள் மட்டும் இருக்கும், தோற்றுப்போன ஒரு நிறம்கூட இருக்காது. நேர்காணலில் “இந்த முன்வரைவை ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டால் பதில் வராது. ஒவ்வொரு முறை வரைந்து எழும்போதும் தாளைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால், பிறகு எதையும் ஜோடிக்க வேண்டியிருக்காது.

ரெஃபரன்ஸ் விஷயத்தில் உண்மையை மாற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஷெப்பர்ட் ஃபேரியின் கதை சாட்சி. 2008 அமெரிக்கத் தேர்தலின்போது அவர் செய்த ஒபாமா சுவரொட்டி உலகப் புகழ் பெற்றது. அது அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தை வைத்துச் செய்யப்பட்டது. உரிமை பற்றிய வழக்கில் ஃபேரி வேறொரு புகைப்படத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்னார், ஆதாரங்களையும் அழித்தார். உரிமைப் பிரச்சினை 2011-இல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் ஆதாரத்தில் கைவைத்ததற்காக 2012-இல் அவருக்கு 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. கூடியவரை நீங்களே எடுத்த புகைப்படத்தைப் பயன்படுத்துங்கள். மற்றவர் எடுத்ததென்றால் அனுமதி வாங்கி, எடுத்தவர் பெயரைப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். வெளிச்சம், கோணம், சட்டம் ஆகிய மூன்று முடிவுகளும் அப்போது அவருடையவை. உங்கள் பங்கு எங்கே தொடங்குகிறது என்பதைப் பக்கம் காட்டியாக வேண்டும்.

இனி குறிப்புகள். ‘இயற்கையால் ஈர்க்கப்பட்டு, என் உணர்வுகளை வெளிப்படுத்த முயன்றேன்’ என்ற வகை வாக்கியம் எந்த ஓவியத்துக்கும் பொருந்தும் என்பதால் இந்த ஓவியத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு முடிவும் அதற்கான காரணமும் இரண்டு வரிகளில் போதும். ‘முகத்தை நிழலில் விட்டேன், கண் முதலில் கைக்குப் போக வேண்டும் என்பதற்காக.’ ‘இயந்திரத்தைப் பெரிதாக்கினேன். பெண் அதற்குப் பின்னால் ஒளிந்ததுபோல் தெரிந்ததால் பழைய அளவுக்குத் திரும்பினேன்.’ இரண்டாவது குறிப்பு தோல்வியைச் சொல்கிறது, ஆனாலும் குழு நின்று படிப்பது அதைத்தான்.

பக்க அமைப்பில் புகைப்படம் சிறியதாக ஓரத்தில் இருக்கட்டும். ஓவியத்துக்குச் சமமான அளவில் வைத்தால் பார்ப்பவர் எது ஒத்திருக்கிறது, எது ஒத்திருக்கவில்லை என்று ஒப்பிடத் தொடங்கிவிடுவார், நடுவிலிருக்கும் படிகளைத் தாண்டிப் போய்விடுவார். தாள்களை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். அது இயலாதபோது ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவைத் தாளுக்கு நேர் இணையாக வைத்துப் படமெடுங்கள். அழித்த தடங்களையும் கறைகளையும் திருத்தி வெளுப்பாக்க வேண்டாம்.

இத்தனை விரிவான பாதை தொகுப்பில் ஒன்றிரண்டு ஓவியங்களுக்குப் போதும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அல்லது மூன்று பக்கங்கள். எல்லா ஓவியத்துக்கும் செய்தால் முடிந்த ஓவியங்கள் அமுங்கிவிடும். முடிந்த படைப்புகளை மட்டும் கேட்கும் கல்லூரிகளும் உண்டு, வரைவுக் குறிப்பேட்டைத் தனிக் கோப்பாகக் கேட்பவையும் உண்டு. எத்தனை படங்கள், எந்த அளவு, செயல்முறைக்கு இடம் உண்டா என்பதை அந்தந்தக் கல்லூரியின் விதிமுறையில் பார்த்துவிட்டுப் பக்கங்களை அடுக்கத் தொடங்குங்கள்.