சலுகை முடிந்தபின் சரக்கு ஏன் தேங்குகிறது: கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் தமிழ்க் குடும்பங்களை நம்பி நடக்கும் ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே 200 கிராம் சாம்பார் பொடிப் பாக்கெட்டுக்கு இரண்டு வாரம் 20 சதவீதத் தள்ளுபடி தரப்பட்டது. சலுகைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் 42, 38 பாக்கெட்டுகளும், சலுகையின் இரண்டு வாரங்களில் 104, 88 பாக்கெட்டுகளும், அதன் பிறகான நான்கு வாரங்களில் 20, 28, 41, 39 பாக்கெட்டுகளும் விற்றன. இவை விளக்கத்துக்காக நான் அமைத்த எண்களே என்றாலும், வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய பல மளிகைப் பொருள்களின் விற்பனையும் சலுகையின்போது ஏறக்குறைய இப்படித்தான் ஏறி இறங்கும். இதே சலுகையை உகாதிக்கு முன் மறுபடியும் நடத்த வேண்டும் என்றால் எவ்வளவு வாங்குவது என்பதே கேள்வி.

முதல் தவறு, எட்டு வாரங்களையும் கூட்டி எட்டால் வகுப்பது. மொத்தம் 400, சராசரி 50 என்று வரும். ஆனால் தள்ளுபடி எதுவும் இல்லாவிட்டால் இந்தக் கடையில் வாரத்துக்கு 50 பாக்கெட் விற்பதே இல்லை. அடிப்படைத் தேவையைக் கணக்கிடச் சலுகை வாரங்களை மட்டும் நீக்கினால் போதாது. சலுகையை ஒட்டி விற்பனை படுத்துவிட்ட 20, 28 ஆகிய வாரங்களையும் நீக்க வேண்டும். மீதமுள்ள 42, 38, 41, 39 ஆகியவற்றின் சராசரி 40. இதுவே அடிப்படைத் தேவை. பாக்கெட் தீர்ந்துபோய் அலமாரி காலியாக இருந்த வாரம் ஏதேனும் இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அந்த எண் காட்டுவது வாடிக்கையாளர் கேட்ட அளவை அல்ல, கடையில் இருந்த அளவைத்தான். சம்பளம் வந்ததும் மாத மளிகை வாங்கும் குடும்பங்கள் மிகுந்த பகுதியாக இருந்தால், மாதத்தின் முதல் வாரத்துக்குத் தனி அடிப்படை வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே பில் மென்பொருளை நம்பும் கடைகள் அடிக்கடி கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. நிறுவனம் ‘கூடுதல் 20 சதவீதம்’ என்று அச்சிட்ட சிறப்புப் பாக்கெட்டை அனுப்பும்போது, அதற்குப் பெரும்பாலும் வேறு பார்கோடு இருக்கும். சலுகை நாட்களில் வழக்கமான பாக்கெட்டின் விற்பனை பூஜ்யத்தை நெருங்கியதாகவும், புதிய பொருள் ஒன்று திடீரென்று ஓடியதாகவும் அறிக்கை காட்டும். இரண்டு பார்கோடுகளின் விற்பனையையும் சேர்த்துப் பார்த்த பிறகே அடிப்படையைக் கணக்கிட வேண்டும்.

அடிப்படை 40 என்று தெரிந்துவிட்டால், சலுகை கொண்டுவந்த கூடுதல் விற்பனை எளிதில் கிடைத்துவிடும்: முதல் வாரம் 64, இரண்டாம் வாரம் 48, ஆக 112 பாக்கெட்டுகள். பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்; இது இரண்டாவது தவறு. சலுகைக்குப் பிறகான இரண்டு வாரங்களில் அடிப்படையைவிட 20, 12 எனக் குறைந்திருக்கிறது அல்லவா, அந்த 32 பாக்கெட்டுகளும் அடுத்த வாரங்களில் வாங்கவிருந்தவர்கள் முன்கூட்டியே வாங்கிக்கொண்டவை. சாம்பார் பொடி மலிவாகக் கிடைத்தது என்பதற்காக எந்த வீட்டிலும் தினம் இருவேளை சாம்பார் வைப்பதில்லை; வாங்கியது டப்பாவில் இருக்கும்வரை அவர்கள் கடைக்கு வந்தாலும் அந்த அலமாரிப் பக்கம் திரும்ப மாட்டார்கள். ஆகவே நிகரக் கூடுதல் 80 மட்டுமே. பக்கத்தில் இருக்கும் 100 கிராம் பாக்கெட்டின் விற்பனை அந்த நாட்களில் சரிந்திருந்தால், இந்த 80இலும் ஒரு பகுதி கடைக்குள்ளேயே இடம் மாறிய விற்பனைதான்.

இனி இரண்டு தவறுகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். சலுகை வாரங்களின் சராசரி 96. அது அடிப்படையைப் போல் 2.4 மடங்கு. அடிப்படையை 50 என்று தவறாகக் கொண்டவர் அதை 2.4ஆல் பெருக்கி, வாரத்துக்கு 120 வீதம் 240 பாக்கெட் வாங்குகிறார். முன்பு போலவே 192 விற்றால் 48 மிஞ்சும். இதைவிடப் பெரிய சேதம் அதன் பிறகுதான் நிகழ்கிறது. கடந்த நான்கு வாரச் சராசரியை வைத்து ஆர்டர் போடும் கடையில், சலுகை முடிந்த அன்று அந்த நான்கு வாரங்கள் 40, 40, 104, 88 ஆக இருக்கும்; சராசரி 68. அடுத்த இரண்டு வாரங்களுக்கு 136 பாக்கெட் வந்து இறங்கும், ஆனால் விற்கப்போவது 48. மேலும் 88 மிஞ்சுகிறது. மொத்தத் தேக்கம் 136, அதாவது மூன்று வாரத்துக்கும் அதிகமான சாதாரண விற்பனை. அதில் பெரும்பகுதி சலுகைக்காக வாங்கிய சரக்கு அல்ல, சலுகை முடிந்தபின் வாங்கிய சரக்கு என்பதைக் கவனியுங்கள். சலுகைக்கு எவ்வளவு வாங்குவது என்று மணிக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட அடுத்த வார ஆர்டரைப் பழக்கத்துக்கு விட்டுவிடுவதால்தான் இது நடக்கிறது. தானியங்கி ஆர்டர் இருந்தால், அந்தப் பொருளுக்கு மட்டும் சலுகையின் கடைசி நாட்களில் அதை நிறுத்திவிட்டு, குறைந்தது மூன்று வாரம் கையால் ஆர்டர் போட வேண்டும்.

அடுத்த தவறு, முழு அளவையும் ஒரே தவணையில் வாங்குவது. போன தடவை வந்த கூட்டமே இந்தத் தடவையும் வரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒரு சலுகை ஒரே ஒரு சாட்சிதான். விநியோகஸ்தர் ஆர்டர் போட்டு நான்கு நாள் கழித்துச் சரக்கு தருகிறார் என்றும், சலுகை வியாழக்கிழமை தொடங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கடையில் இருப்பதையும் சேர்த்து 110 பாக்கெட்டுடன் தொடங்கலாம். சலுகை முடியும் நாளில் கையில் 30 இருந்தால் போதும், ஏனென்றால் அடுத்த வாரம் விற்கப்போவது 20தான்.

முந்தைய சலுகையில் வியாழன் முதல் ஞாயிறு வரை 68 விற்றது, இந்த முறை அதே நான்கு நாட்களில் 51 விற்றிருக்கிறது என்றால், வேகம் முக்கால் பங்கு. மொத்தச் சலுகை விற்பனையும் 192க்குப் பதில் 144 ஆக இருக்கும் என்று கொள்ளலாம். இன்னும் 93 விற்கும், முடிவில் 30 வேண்டும், ஆகத் தேவை 123. கையில் 59 இருப்பதால், திங்களன்று 64க்கு ஆர்டர் போட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். முன்பு போலவே 192 விற்று முடிவில் 30 இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு இரண்டாம் தவணையை 112 என்று உறுதி செய்தவரிடம் இதே நிலையில் 48 பாக்கெட் அதிகமாகத் தங்கியிருக்கும்.

இந்த முறைக்குச் சில எல்லைகள் உண்டு. தயிர் போன்று நாலு நாளில் கெட்டுப்போகும் பொருளை யாரும் சேர்த்துவைக்க முடியாது என்பதால், பின்னால் வரும் சரிவு மிகச் சிறிது. அங்கே மிஞ்சினால் குப்பைக்குத்தான் போகும் என்பதால் தவணைகள் இன்னும் சிறியதாக இருக்க வேண்டும். பிஸ்கட் போன்றவை வீட்டில் அதிகமாக இருந்தால் அதிகமாகவே தின்னப்படும், அதனால் அவற்றின் கூடுதல் விற்பனையில் உண்மையான பங்கு அதிகம். தீபாவளியை ஒட்டித் தரப்படும் சலுகையிலோ, நெய்யும் கடலை மாவும் தள்ளுபடி இல்லாமலேயே அதிகம் விற்றிருக்கும். அந்த ஏற்றத்தைச் சலுகையின் கணக்கில் எழுதிவிட்டு, பண்டிகை இல்லாத மாதத்தில் அதே பெருக்கலைப் பயன்படுத்தினால் சரக்கு நிச்சயம் மிஞ்சும். தள்ளுபடி 20இலிருந்து 10 சதவீதமாகக் குறையும்போது கூடுதல் விற்பனை சரிபாதியாகும் என்று கணக்குப் போடவும் இடமில்லை, அது அதைவிட அதிகமாகவே விழலாம். அப்படிப்பட்ட புதிய சலுகைக்கு முதல் தவணையை அடிப்படைத் தேவையோடு சற்றே கூட்டி நிறுத்திக்கொண்டு, முதல் ஞாயிறு இரவு பில் கணக்கைப் பார்த்த பிறகு இரண்டாவது தவணையை முடிவு செய்யலாம்.