மொழிபெயர்ப்பைப் பிரிக்கும் முன் எல்லோருக்கும் ஒரே இரண்டு பக்கம்

நீண்ட ஆவணத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் முன், அதிலிருந்து கலைச்சொல் மிகுந்த இரண்டு பக்கங்களை எல்லோரிடமும் கொடுத்து, கலந்து பேசாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பிரதிகளை அருகருகே வைத்து, வேறுபடும் இடங்களை மட்டும் சொற்பட்டியலில் ஏற்றுங்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் சொல்லுக்குப் பட்டியல் தேவையில்லை. ‘யூசர்’ என்பதற்கு ஒருவர் பயனர், இன்னொருவர் பயனாளர், மூன்றாமவர் பயனாளி என்பார். அதே ஆவணத்தில் ‘பெனிஃபிஷியரி’யும் வந்தால் பயனாளி அதற்குத்தான் வேண்டும். எனவே ‘பயனர்’ என்று முடிவு செய்வதோடு, பக்கத்திலேயே ‘இங்கே தவிர்க்க வேண்டியவை’ என்று ஒரு நெடுவரிசையும் வையுங்கள். தவிர்க்க வேண்டிய சொல் எங்காவது நுழைந்திருந்தால் கடைசியில் தேடிப் பிடிக்க உதவுவது அதுதான். அதில் ஏற்றும் சொல் ‘விண்ணப்பம்’ என்றால், முழுச்சொல்லை எழுதாமல் ‘விண்ணப்ப’ என நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ‘விண்ணப்பத்தை’ தேடலில் சிக்காது.

நடைத்தாளும் இதே பக்கங்களிலிருந்து கிடைத்துவிடும்: ஒற்று மிகுத்தல், தேதி எழுதும் முறை, ஆட்பெயர்களின் எழுத்துக்கூட்டல், வாசகரை ‘நீங்கள்’ என்பதா இல்லையா. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. இழுபறியானால் முடிவு சொல்ல ஒரே ஒருவர் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒற்று விவாதமே ஒரு வாரம் ஓடும்.

வாடிக்கையாளர் தன் சொற்பட்டியலைக் கொடுத்திருந்தாலோ, சட்டத்தில் சொல் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருந்தாலோ அதுவே முடிவு, இந்தச் சோதனை வேண்டாம். கதை, நாவலுக்கும் இது ஒத்துவராது.