பெயரைத் தப்பாக எழுதிய பிறகு போகும் மன்னிப்பு மெயில்: எங்கெல்லாம் சறுக்குகிறது?

பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு சோலார் கடை, ஆலங்குளம் பக்கத்து ரைஸ்மில்லுக்குப் புரபோசல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்காரர் தன் பெயரை Esakkimuthu என்று எழுதுபவர், புரபோசலில் Isakkimuthu என்று போய்விட்டது. நம்ம பக்கத்தில் இந்தப் பெயரை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், அதனால் ‘இதுவும் சரிதானே’ என்று தோன்றும். அவர் எப்படி எழுதுகிறாரோ அது மட்டும்தான் சரி.

இதில் மோசமான தவறு, மன்னிப்பு மெயிலிலும் அதே தப்பு திரும்ப வருவது. To கட்டத்தில் தெரியும் பெயர் பெரும்பாலும் நாமே சேமித்து வைத்ததாக இருக்கும், அதை நம்பி அடித்தால் பழைய தப்பே போகும். அவர் அனுப்பிய மெயிலின் அடியில் அவரே போட்டிருக்கும் பெயரைக் காப்பி செய்யுங்கள். இதற்குப் பயந்து பெயரையே விட்டுவிட்டு ‘வணக்கம் அண்ணாச்சி’ என்று மட்டும் தொடங்குகிறவர்களும் உண்டு. போனில் அது போதும், இந்த மெயிலில் அவர் கண் முதலில் தேடுவது தன் பெயரைத்தான்.

அப்புறம் காரணம் சொல்வது. டைப் செய்த பையன் புதுசு, கம்ப்யூட்டர் தானாக மாற்றிவிட்டது என்று எழுத எழுத மெயில் நம்மைப் பற்றியதாகிவிடுகிறது. ‘எங்கள் கவனக்குறைவு’ என்ற இரண்டு சொல் போதும்.

திருத்திய பிடிஎஃப் இல்லாமல் வெறும் மன்னிப்பு மட்டும் அனுப்பாதீர்கள். அவர் அந்தப் புரபோசலை வங்கிக் கடனுக்குக் கொடுக்கப்போகிறவராக இருந்தால் பெயர் அவருடைய பான் கார்டோடு ஒத்துப்போக வேண்டும். புரபோசலின் முகப்புப் பக்கத்தில் மாற்றிவிட்டு, கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடும் இடத்தை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. வேர்டில் Ctrl+F போட்டுத் தப்பான எழுத்தைத் தேடுங்கள். படமாக ஒட்டிய பக்கத்தில் தேடல் வேலை செய்யாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஃபைலின் பெயரையும் பாருங்கள்.

மெயில் இவ்வளவு இருந்தால் போதும்:

> Esakkimuthu அண்ணாச்சிக்கு, வணக்கம்.
>
> நேற்று அனுப்பிய புரபோசலில் உங்கள் பெயரைத் தவறாக எழுதிவிட்டோம். எங்கள் கவனக்குறைவு, மன்னித்துக்கொள்ளுங்கள். திருத்திய பிரதியை இணைத்திருக்கிறோம். பெயரைத் தவிர விலையோ நிபந்தனைகளோ எதுவும் மாறவில்லை. பழைய பிரதியை விட்டுவிடலாம்.

‘எதுவும் மாறவில்லை’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் விலையில் என்ன மாறியிருக்கிறது என்று அவர் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டிவரும். இதே மெயிலில் ‘ஆர்டர் எப்போது?’ என்று கேட்காதீர்கள், கேட்டால் மன்னிப்பு அதற்குத்தான் என்று ஆகிவிடும். முதல் மெயில் அவருடைய கணக்குப்பிள்ளைக்கும் போயிருந்தால் இதுவும் அவருக்குப் போகட்டும், இல்லாவிட்டால் தப்பான பிரதி அங்கேயே கிடக்கும். அண்ணாச்சி ‘பரவாயில்ல’ என்று பதில் போட்டுவிட்டால் ஒரு நன்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மறுபடி மன்னிப்பு வேண்டாம்.